ஒரு காப்பித் தோட்டக் கதை, ஐந்து பதிவுகள்: நீண்ட வாடிக்கையாளர் கதையை ஒரே வாரத்தில் பிரித்துப் போடும் முறை

கீழ்ப்பழனி மலையில் தோட்டக்காரர்களுக்குப் பொருள் செய்து விற்கும் சிறு நிறுவனங்கள் பல, வாடிக்கையாளர் கதையை நன்றாகவே எழுதுகின்றன. தோட்டத்துக்குப் போய், உட்கார்ந்து பேசி, ஆயிரத்து ஐந்நூறு சொல்லுக்கு எழுதி, பேஸ்புக்கில் ஒருநாள் போடுவார்கள். நாற்பது பேர் லைக் போடுவார்கள். அதோடு கதை முடிந்துவிடும். இன்னும் சிலர் அதே கதையை ஐந்தாக வெட்டி, ‘பகுதி 1’, ‘பகுதி 2’ என்று வாரம் முழுக்கப் போடுவார்கள். வியாழக்கிழமை நான்காம் பகுதியைப் பார்க்கிறவர் முதல் மூன்றையும் பார்த்திருக்க மாட்டார் என்பதால், நடுவிலிருந்து தொடங்கும் அந்தத் துண்டு அவருக்குப் புரியாது.

கதையை நீளத்தால் பிரிக்கக் கூடாது, கேள்வியால் பிரிக்க வேண்டும் என்பதே நான் இங்கே சொல்லப்போகும் முறை. ஒரே கதைக்குள் ஐந்து விதமான ஆட்களின் கேள்விக்குப் பதில் இருக்கும். ஒவ்வொரு பதிவும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, மற்ற நான்கும் இல்லாமலே தனியாக நிற்க வேண்டும். சொல்லும்போது எளிதாகத் தெரியும் இதை, ஒரு கதையை வைத்துக்கொண்டு முழுக்கச் செய்து பார்ப்போம்.

கையில் இருக்கும் கதை

வத்தலக்குண்டில் ஒரு பட்டறை. காப்பி காயப்போடும் சோலார் டிரையர் கட்டிக்கொடுக்கிறார்கள். இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே பாலித்தீன் ஷீட், உள்ளே வலைத் தட்டுகள். வாடிக்கையாளர், பண்ணைக்காடு பக்கம் நாலு ஏக்கர் காப்பி வைத்திருக்கும் ஒரு பெண்மணி. இது விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட கதை, எண்களும் அப்படியே. ஆனால் பிரச்சினை அந்த மலையில் உள்ளவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது. அரபிகா பழம் பறிக்கத் தொடங்குவது நவம்பரில். வடகிழக்குப் பருவமழை பெய்வதும் அப்போதுதான். பழத்தோலை உரித்துக் கழுவி எடுத்த பார்ச்மென்ட் காப்பியில் பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கும், அதைப் பத்து பதினொரு சதவீத ஈரத்துக்குக் கொண்டுவர வேண்டும். மத்தியானம் மூடுபனி இறங்கினால் களத்தில் விரித்ததைத் தார்ப்பாயால் மூடுவதும் திறப்பதுமாகவே பொழுது போகும். மூடிவைத்த சரக்கில் பூஞ்சை வாடை ஏறிவிட்டால் வியாபாரி விலையைக் குறைத்துவிடுவார்.

கதையில் உள்ள விவரங்கள் இவை. டிரையர் போடுவதற்கு முந்தின வருஷம் ஒரு ஈடு காய 16 நாள் ஆனது. டிரையரில் 9 நாள். முந்தின வருஷம் 20 மூட்டையில் 6 மூட்டைக்கு விலை குறைந்தது; இந்த வருஷம் 1 மூட்டைக்கு. நவம்பர் மூன்றாம் வாரம் ஒரே நாள் பறித்த பழத்தில் பாதியைக் களத்திலும் பாதியை டிரையரிலும் போட்டுப் பார்த்தார். களத்தில் 14 நாள், டிரையரில் 9 நாள். அந்தப் பகுதியில் முதல் டிரையர் என்பதால் பட்டறைக்காரர் விலையில் தள்ளுபடி கொடுத்திருக்கிறார்.

முதல் வேலை: ஒரு பக்கக் குறிப்பு

பதிவு எழுத உட்காருவதற்கு முன், கதையிலிருந்து ஒரு பக்கம் மட்டும் எடுத்து எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் நேராக மூன்று விஷயம் இருக்க வேண்டும். அந்த எண் எந்த நிலைமையில் வந்தது, யார் அளந்தது, எதோடு ஒப்பிட்டது. இந்த ஒரு பக்கம்தான் வாரம் முழுக்க உங்கள் மேசையில் இருக்க வேண்டியது. நீண்ட கதையைத் திரும்பத் திரும்பத் திறந்து, நினைவில் இருந்து எண் எழுதத் தொடங்கினால், திங்கள்கிழமை ‘9 நாள்’ என்று இருந்தது வெள்ளிக்கிழமைக்குள் ‘ஒரே வாரத்தில்’ என்று ஆகிவிடும். யாரும் பொய் சொல்ல நினைத்து அப்படி எழுதுவதில்லை. ஐந்து முறை திருப்பிச் சொல்லும்போது எண் தானாகவே வழுக்கும்.

குறிப்பு எழுதும்போதே எந்த எண்ணை முன்னால் வைப்பது என்பதும் தெரிந்துவிடும். 16 நாள் 9 ஆனது என்பது பார்க்கப் பெரிய வித்தியாசம். ஆனால் அது இரண்டு வேறு வருஷங்களின் ஒப்பீடு. முந்தின வருஷம் மழை கூடுதலாக இருந்திருந்தால் அந்த ஏழு நாளில் ஒரு பங்கு மழைக்கும் போகும். 14 நாள் 9 ஆனது என்பது ஒரே பழம், ஒரே வாரம், ஒரே மேகம். ஆகவே ஐந்து பதிவிலும் 14-க்கு 9 என்பதையே பயன்படுத்த வேண்டும். வித்தியாசம் சிறியதாகத் தெரிந்தாலும், களத்தில் காப்பி காயப்போட்டுப் பழகிய ஆள் கேட்கும் முதல் குறுக்குக் கேள்விக்கு இது தாங்கும். மற்றது தாங்காது.

அதே பக்கத்தின் அடியில், எந்தப் பதிவிலிருந்தும் விட்டுவிடக் கூடாத வரிகளை எழுதிக்கொள்ளுங்கள். நம் கதையில் அவை இரண்டு. ஒன்று, இந்தக் கணக்கு பார்ச்மென்ட் காப்பிக்கு மட்டும். பழமாகவே காயப்போடுவதற்கு நாள் கூடுதலாகும். இரண்டு, இவருக்குத் தள்ளுபடி கொடுத்திருக்கிறோம். நீண்ட கதையில் இந்த இரண்டும் எங்கோ ஒரு பத்தியில் இருக்கும், படிக்கிறவர் அதைக் கடந்துதான் போவார். வெட்டும்போது முதலில் காணாமல் போவது இவைதான். தள்ளுபடியைச் சொல்வது வெறும் நேர்மைக்காக மட்டுமில்லை. தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, ஒரு பொருளை ஒருவர் பாராட்டிப் பேசும்போது அது அவருடைய உண்மையான, தற்போதைய கருத்தாக இருக்க வேண்டும். விற்பவருக்கும் அவருக்கும் பார்ப்பவர் எதிர்பார்க்காத கொடுக்கல் வாங்கல் இருந்தால் அதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நீங்கள் போடும் ஐந்தும் தனித்தனிப் பதிவு. ஆகவே ஐந்திலும் அந்த வரி இருக்க வேண்டும்.

சம்மதம் ஐந்துக்கும் தனித்தனியாக

கதை எழுதச் சம்மதித்தவர் வீடியோவுக்குச் சம்மதித்ததாக ஆகாது. மறுபடியும் போய் ஐந்து பதிவையும் வாசித்துக் காட்டுங்கள். மலையில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பதால், ஊர்ப்பெயரும் ஏக்கரும் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். விலை குறைத்த வியாபாரி நாளைக்கும் அவரிடம்தான் சரக்கு வாங்க வரப்போகிறார்.

“அக்கா, ஆறு மூட்டைக்கு விலை குறைஞ்சதைப் போடலாமா?”

“மூட்டைக் கணக்கைப் போடுங்க தம்பி. அவர் எவ்வளவு குறைச்சார்னு மட்டும் போடாதீங்க. வருஷா வருஷம் அவர்கிட்டத்தான் போகணும்.”

இப்படி ஒரு பதில் வந்தால் அந்த விவரம் ஐந்திலும் வராது. ஒன்றில் மட்டும் நாசூக்காகச் சேர்க்கலாமே என்று யோசிக்கவே கூடாது. எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை என்பதை வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியாக அனுப்பி ‘சரி’ என்று பதில் வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

எந்த வாரம்?

பலரும் யோசிக்காத விஷயம் இது. டிரையர் கதையை நவம்பரில் போட்டால் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்பார்கள், ஒருவராலும் வாங்க முடியாது. பறிப்பு தொடங்கியாயிற்று, ஆள் கிடைக்காது, சட்டம் நிறுத்த இடம் சமன் செய்ய நேரமில்லை. ஆகஸ்ட் கடைசியோ செப்டம்பர் தொடக்கமோதான் சரியான வாரம். போன வருஷ மழை நினைவில் இருக்கும், கட்டி முடிக்க இரண்டு மாதமும் இருக்கும். நீங்கள் விற்கும் பொருள் எதுவானாலும், வாடிக்கையாளர் அதைப் பற்றி முடிவெடுக்கும் காலம் எது என்று பார்த்து வாரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

திங்கள்: ‘இது என் பிரச்சினையா?’

முதல் பதிவைப் படிப்பவருக்கு டிரையர் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் இருக்கலாம். அவருக்குத் தெரிந்தது மழையும் தார்ப்பாயும். ஆகவே பொருளின் பெயரைக் கடைசி இரண்டு வரி வரைக்கும் கொண்டுவராதீர்கள். பேஸ்புக்கில் நூற்றைம்பது சொல், களத்தில் தார்ப்பாய் மூடிக் கிடக்கும் ஒரே ஒரு படம். இப்படித் தொடங்கலாம்:

‘மத்தியானம் ரெண்டு மணிக்கு மூடுபனி இறங்குது. களத்துல ஒரு ஈடு காப்பி. மூடினா வாடை அடிக்கும், திறந்தா நனையும். பண்ணைக்காட்டுப் பக்கம் நாலு ஏக்கர் வச்சிருக்கிற ஒருத்தர், போன நவம்பருக்கு முந்தின நவம்பர் முழுக்க இதைத்தான் செஞ்சுக்கிட்டிருந்தார்.’

பிறகு 20 மூட்டையில் 6 போன கதை. அதன் பிறகுதான், ஒரே நாள் பழத்தைப் பாதி களத்திலும் பாதி டிரையரிலும் போட்டுப் பார்த்தார், 14-க்கு 9 வந்தது என்ற வரி. விட்டுவிடக் கூடாத இரண்டு வரிகளும் அதை ஒட்டியே வர வேண்டும். தொடக்க வரிகளுக்குக் கவனம் கொடுங்கள். பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் முதல் சில வரிகளை மட்டும் காட்டிவிட்டு மீதியை மடித்துவிடும். ‘எங்கள் நிறுவனத்தின் மகிழ்ச்சியான வாடிக்கையாளர்’ என்று தொடங்கினால் அந்த இடம் வீணாகிவிடும்.

செவ்வாய்: ‘கணக்கு என்ன?’

இன்ஸ்டாகிராமில் தள்ளிப் பார்க்கும் படத்தொகுப்பு. ஆறு படம் போதும். முதல் படத்தில் பெரிய எழுத்தில் ‘ஒரே நாள் பழம். களத்தில் 14 நாள். டிரையரில் 9 நாள்.’ இரண்டாவது, எப்படி ஒப்பிட்டார் என்பது. மூன்றாவது, ஈரப்பத மீட்டரின் படம், எண் தெரியும்படி. எந்த ஈரத்தில் காய்ந்ததாக முடிவு செய்தார் என்பது இல்லாவிட்டால் 9 நாளுக்கு அர்த்தமே கிடையாது. பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் ஈரத்தோடு மூட்டை கட்டி 9 நாள் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நான்காவது, மூட்டைக் கணக்கு. இரண்டு வருஷங்களின் ஒப்பீடு என்று அதே படத்தில் எழுதிவிடுங்கள். ஐந்தாவது, பார்ச்மென்டுக்கு மட்டும், தள்ளுபடி கொடுத்தோம் என்ற இரண்டு வரி. ஆறாவது, தொடர்புக்கு.

நிபந்தனையைப் படத்துக்குக் கீழே உள்ள குறிப்பில் மட்டும் எழுதினால் போதாது. படத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள், குறிப்பு கூடவே போகாது. முதல் படமே தனியாகச் சுற்றும் என்று வைத்துக்கொண்டு அதிலேயே சின்ன எழுத்தில் ‘பார்ச்மென்ட், நவம்பர் மூன்றாம் வாரம், விலையில் தள்ளுபடி பெற்றவர்’ என்று சேர்த்துவிடுவது நல்லது.

தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு தொல்லை உண்டு. எழுத்து வரம்பு என்று தளங்கள் சொல்வது நாம் எண்ணும் எழுத்து இல்லை. புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். ‘கொடைக்கானல்’ நமக்கு ஆறு எழுத்து, கணினிக்குப் பதினொன்று. ஆகவே கூகுள் பிசினஸ் பதிவில் 1,500 எழுத்து, இன்ஸ்டாகிராம் குறிப்பில் 2,200 எழுத்து என்பதெல்லாம் தமிழுக்குக் கிட்டத்தட்டப் பாதிதான். ஆங்கிலத்தில் வரைவு எழுதி நீளம் பார்த்துவிட்டுத் தமிழாக்கினால் கடைசிப் பத்தி வெட்டுப்படும். அந்தக் கடைசிப் பத்தியில்தான் பெரும்பாலும் தொடர்பு எண் இருக்கும்.

புதன்: ‘அவங்க வாயால சொல்லட்டும்’

ஒரு நிமிஷத்துக்குள் முடியும் செங்குத்து வீடியோ, யூடியூப் ஷார்ட்ஸில். பழத்தோல் உரிக்கும் பல்பர் ஓடாத நேரமாகப் பார்த்து, காற்றில்லாத இடத்தில், சட்டையில் மாட்டும் மைக் வைத்து எடுங்கள். எழுதிக் கொடுத்துப் பேசவைத்தால் உடனே தெரிந்துவிடும். மூன்று கேள்வி கேட்டு, நீண்ட பதிலிலிருந்து வெட்டிக்கொள்ளுங்கள். “ராத்திரி மழைச் சத்தம் கேட்டா எழுந்து ஓட வேண்டியதில்லை தம்பி, தூக்கம் வருது” என்பது போன்ற ஒரு வரி கிடைத்தால் வீடியோ அதிலேயே தொடங்க வேண்டும். கீழே தமிழில் வசன எழுத்து அவசியம்; பஸ்ஸில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறவர்கள் நிறைய. வெட்டும்போது ஒரு எச்சரிக்கை: ‘நல்லாத்தான் இருக்கு, ஆனா வெயிலே வராத நாள்ல ஒண்ணும் காயாது’ என்று அவர் சொல்லியிருந்தால், ‘ஆனா’வுக்கு முன்னால் கத்தரிக்காதீர்கள்.

வியாழன்: ‘எனக்கு ஒத்துவருமா?’

ஐந்தில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது இந்தப் பதிவு. பெரும்பாலானோர் எழுதாமல் விடுவதும் இதைத்தான். திங்கள் முதல் புதன் வரை வந்த கருத்துகளைப் படித்தால், பதிவு தானாக அமைந்துவிடும். காற்றுக்கு ஷீட் கிழியாதா? காட்டுமாடு புகுந்தால் என்ன ஆகும்? தொடர்ந்து நாலு நாள் மூடுபனி என்றால்? இந்தக் கேள்விகளுக்குக் கதைக்குள்ளேயே பதில் தேடுங்கள்.

நம் கதையில் இந்த வருஷமும் ஒரு மூட்டை போனது. அதை மறைக்காமல் இந்தப் பதிவின் நடுவில் வையுங்கள். ஏன் போனது? ஒரு நாள் பழம் அதிகமாக வந்துவிட்டதால் தட்டில் கனமாகப் பரப்பி, குளிர் என்று காற்றுப் போகும் திறப்புகளையும் இரவில் மூடிவிட்டார்கள். உள்ளே ஏறிய ஈரம் ஷீட்டின் அடிப்பக்கத்தில் நீராகக் கோத்து, மேல் தட்டில் சொட்டியது. இதைச் சொன்னால், டிரையர் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கும் வேலையும் கூடவே முடிந்துவிடுகிறது. வெப்பம் ஈரத்தை வெளியேற்றும், காற்று அதை வெளியே கொண்டுபோக வேண்டும், இரண்டில் ஒன்று நின்றாலும் காயாது.

பிறகு, யாருக்கு இது வேண்டாம் என்று நேராகச் சொல்லுங்கள். அரை ஏக்கர் வைத்திருப்பவருக்குத் தனியாக ஒன்று கட்டுப்படியாகாது, இரண்டு மூன்று பேர் சேர்ந்து போட்டால் பார்க்கலாம். மர நிழல் நாள் முழுக்க விழும் இடத்தில் பயனில்லை. சில்வர் ஓக் நிழலுக்கு நடுவே வீடும் களமும் வைத்திருப்பவர்கள் இங்கே நிறைய உண்டு. புற ஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரான் ஷீட்டே போட்டாலும் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றும் செலவு இருக்கிறது. காட்டுமாடு வரும் வழியில் இருந்தால் வேலிச் செலவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதை வாட்ஸ்அப் சேனலிலும் பேஸ்புக்கிலும் வெறும் எழுத்தாகவே போடலாம். இதைப் படித்த பிறகும் அழைக்கிறவர், பாதி முடிவோடு அழைக்கிறார்.

வெள்ளி: ‘வேணும்னா என்ன செய்யணும்?’

கூகுள் பிசினஸ் பதிவும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் காலையில் ஒருமுறை, மறுநாள் ஒருமுறை போடுங்கள். கதையிலிருந்து இரண்டு வரி மட்டும், மீதி நடைமுறை. இடம் எவ்வளவு வேண்டும், வந்து அளக்கக் கட்டணம் உண்டா, கட்ட எத்தனை நாள், அளவுக்கேற்ப விலை எங்கிருந்து தொடங்குகிறது. விலையை ‘இன்பாக்ஸில் சொல்கிறோம்’ என்று ஒளித்தால் கேள்வி மட்டும் குவியும். மானியம் கிடைக்கும் என்று நீங்களாக எழுதாதீர்கள். திட்டமும் தகுதியும் மாறிக்கொண்டே இருக்கும். காப்பி வாரிய அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

எந்தப் பதிவிலிருந்து வந்தார்?

விசாரணை எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வரும். ஆகவே ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தனி இணைப்பு கொடுங்கள். அதைத் தொட்டால் ஒரு குறிச்சொல் ஏற்கெனவே தட்டச்சாகி நிற்கும், அவர் அனுப்பினால் போதும்.

```
https://wa.me/91XXXXXXXXXX?text=DRYER-1
https://wa.me/91XXXXXXXXXX?text=DRYER-2
```

எண்ணுக்கு முன் 91 மட்டும், கூட்டல் குறியோ பூஜ்யமோ வேண்டாம். இன்ஸ்டாகிராம் குறிப்பில் போடும் இணைப்பைத் தொட முடியாது. அங்கே முகப்பில் இணைப்பை வைத்துவிட்டு, கடைசிப் படத்தில் ‘DRYER-2 என்று அனுப்புங்கள்’ என்று எழுதிவிடுங்கள்.

போடுவதற்கு முன் ஒரு சோதனை

ஐந்தும் எழுதியானதும், கதையே தெரியாத ஒருவரிடம் நான்கை மறைத்துவிட்டு ஒன்றைக் கொடுங்கள். படித்துவிட்டு ‘யார் இவங்க?’, ‘எதுக்கு 9 நாள்?’ என்று கேட்டால் அந்தப் பதிவு மற்றவற்றின் மேல் சாய்ந்து நிற்கிறது. ‘நேற்று சொன்னது போல’ என்ற வரி எங்காவது இருக்கிறதா என்று தேடி எடுத்துவிடுங்கள். பிறகு ஐந்தின் முதல் வரிகளை மட்டும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். இரண்டு ஒரே மாதிரி இருந்தால், ஒரே கேள்விக்கு இரண்டு முறை பதில் சொல்லியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கடைசியாக ஒரு பக்கக் குறிப்போடு எல்லா எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நிபந்தனை வரி இரண்டும் ஐந்திலும் இருக்கிறதா என்று விரல் வைத்தே பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை புதுப் பதிவு வேண்டாம். அன்றைக்குக் குறிச்சொல் வாரியாக வந்த செய்திகளை எண்ணி, ஒவ்வொன்றிலும் என்ன கேட்டார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். DRYER-2-இல் ஐந்து பேர் வந்து ஐந்து பேரும் விலை மட்டும் கேட்டுவிட்டுப் போய், DRYER-4-இல் இரண்டு பேர் வந்து இருவரும் ‘எப்போ அளக்க வருவீங்க?’ என்று கேட்டிருந்தால், திங்கட்கிழமை முதல் வேலையாக அந்த இருவரின் தோட்டத்துக்கு வண்டியை எடுங்கள். பதில் சொல்ல முடியாமல் நின்ற கேள்விகளைப் பறிப்பு முடிந்ததும் அதே தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் கேளுங்கள், அடுத்த கதைக்கான குறிப்பு அதிலிருந்து கிடைக்கும்.